உறுதி என்று எழுதியது யார்? ஒரு கட்டடப் பொறியாளரின் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும்

தூத்துக்குடியில் பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை தரும் பொறியாளர் ஒருவருக்கு, அவருடைய தொழிலை அறிமுகப்படுத்தும் இணையப் பக்கங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். இப்படி எழுதித் தருவதுதான் என் வேலை. ரீபவுண்ட் ஹேமர் என்னும் சுத்தியல் சோதனை கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை மட்டுமே அளக்கிறது, அதிலிருந்து வலிமையைப் பற்றிச் சொல்வது ஒரு மதிப்பீடுதான், மற்ற சோதனைகளோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலப் பக்கத்தில் எழுதியிருந்தேன். தமிழ்ப் பக்கத்தில் அதே இடத்தில் நான் எழுதிய வாக்கியம் இது: "உங்கள் வீட்டின் உறுதியை நவீனக் கருவிகளால் சோதித்து, உறுதி செய்து தருகிறோம்." பக்கம் வெளியான சில வாரங்களில் பெரியவர் ஒருவர் பொறியாளரை அழைத்தார். "நீங்க உறுதின்னு எழுதிக் குடுத்துட்டா இன்னும் பத்து வருஷத்துக்கு வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா சார்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. தமிழில் 'உறுதி' என்பது வலிமையையும் குறிக்கும், வாக்குறுதியையும் குறிக்கும், ஐயமின்மையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் மூன்று தனித்தனிச் சொற்களாக நிற்கும் பொருள்கள் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. போதாக்குறைக்கு, தனியார் பள்ளிகள் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது கொடுக்கும் ஆவணத்தின் பெயரே 'கட்டட உறுதிச் சான்று' என்பதாகும். எனவே ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் 'உறுதி' என்ற சொல் வந்தவுடன், கையொப்பமும் முத்திரையும் இட்ட ஒரு சான்று கிடைக்கப்போகிறது என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பு. ஆங்கிலப் பக்கத்தைப் படித்தவருக்கு ஒரு மதிப்பீடு வாக்களிக்கப்பட்டிருந்தது. தமிழ்ப் பக்கத்தைப் படித்தவருக்கு ஓர் உத்தரவாதம் வாக்களிக்கப்பட்டிருந்தது. ஆள் ஒருவர், தொழில் ஒன்று, வாக்குகள் இரண்டாகிவிட்டன.

இரு மொழிகளில் தொழிலை அறிமுகப்படுத்தும்போது செய்தி நீர்த்துப்போகிறது என்று பலரும் சொல்வதுண்டு. நான் பார்த்த வரையில், நீர்த்துப்போவதைவிட இப்படி ஒரு மொழியில் இறுகி மறு மொழியில் தளர்வதுதான் அதிகம் நடக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் படித்த அறிக்கைகளின் நடை கைக்கு வந்துவிடுகிறது. 'கூடும்', 'தோராயமாக', 'இந்த நிபந்தனைக்கு உட்பட்டு' என்று வரம்புகளை இட்டபடியே எழுதுகிறோம். தமிழில் எழுத உட்கார்ந்தால் சுவரொட்டியின் நடையும் வாழ்த்துமடலின் நடையும் வந்து சேர்ந்துகொள்கின்றன. 'சிறந்த', 'நம்பகமான', 'தலைசிறந்த' என்ற அடைமொழிகள் ஏறுகின்றன, வரம்புகள் உதிர்கின்றன. வரம்பு உதிர்ந்த கூற்று வலுவாகத் தோன்றினாலும் அது பொய்யான கூற்று. முதல் தகராறு அந்த இடத்தில்தான் முளைக்கும்.

இந்தப் பொறியாளரின் பக்கங்களை யார் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் தகராறு எப்படி வரும் என்பது புரியும். தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் உரிமையாளர். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்திருக்கும், அல்லது பூச்சு உப்பிக் கம்பி வெளியே தெரியும். உறவினர் யாரோ வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பியிருப்பார். ஆங்கிலப் பக்கத்துக்கு வருகிறவர் ஒரு கட்டடக் கலைஞராகவோ, தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறுப்பாளராகவோ, சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு சொந்த ஊர் வீட்டின் செலவைப் பார்க்கும் மகனாகவோ இருப்பார். இந்த மகனைத்தான் இருமொழிப் பக்கம் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அம்மா தமிழ்ப் பக்கத்தைப் படிப்பார், மகன் ஆங்கிலப் பக்கத்தைப் படிப்பார், இரவு தொலைபேசியில் இருவரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். தமிழ் வாசகர், ஆங்கில வாசகர் என்று நாம் இரண்டு கூட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறவர்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களும் அவர்களே.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு நான் இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட்டு, வேலையை வேறு வரிசையில் தொடங்கினேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் மொழிபெயர்ப்பதை நிறுத்தினேன். தமிழில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றுவதும் அதே பிழையைத்தான் எதிர்ப்புறத்திலிருந்து செய்யும். அதற்குப் பதிலாக, பொறியாளரை உட்காரவைத்து, அவர் வீட்டுக்காரரிடம் நேரில் பேசுவது போலவே தன் வேலையைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். அவர் பேசியது தமிழும் ஆங்கிலமும் கலந்த தொழில்பேச்சு. அதிலிருந்து ஒரு கூற்றுப் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று கட்டங்கள்: அவர் என்ன சொல்கிறார், அதற்கு ஆதாரம் என்ன, அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மூன்றாம் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கூற்று பட்டியலில் ஏறாது என்று வைத்துக்கொண்டோம். அவருடைய முழுத் தொழிலும் ஏழு கூற்றுகளில் அடங்கியது. இரண்டு பக்கங்களும் இந்த ஏழையும் சொல்லியாக வேண்டும்; ஏழில் எதற்கும் ஒரு மொழியில் வலுக் கூடவோ குறையவோ கூடாது. மற்றபடி வரிசை, தலைப்பு, எடுத்துக்காட்டு, நடை எல்லாம் ஒவ்வொரு மொழியிலும் அதன் வாசகருக்கு ஏற்றபடி மாறலாம்.

அந்த ஏழில் சுத்தியல் சோதனையைப் பற்றிய கூற்றையே முதலில் பார்ப்போம். ஆதாரக் கட்டத்தில் இந்தியத் தரநிலை இருந்தது. 2020-இல் ஐஎஸ் 516-இன் ஐந்தாம் பகுதிக்கு இடம் விட்ட ஐஎஸ் 13311 என்ற 1992-ஆம் ஆண்டுத் தரநிலையின் இரண்டாம் பகுதி, இந்தச் சோதனையால் ஒரு கட்டடத்தின் கான்கிரீட் வலிமையை மதிப்பிடும்போது மதிப்பீடு கூட்டியோ குறைத்தோ 25 சதவீதம் வரை விலகலாம் என்றது. வரம்புக் கட்டத்தில் பொறியாளர் இன்னொன்றையும் சொன்னார். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து நாளடைவில் இறுகிவிடும். சுத்தியல் அந்த இறுகிய தோலைத்தான் தட்டுகிறது. எனவே பழைய வீடுகளில் அளவு உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்குப் பழைய வீடுகள்தான் என்பதால், இந்த வரம்பு அடிக்குறிப்பில் போட்டுத் தள்ளிவிடக்கூடியது அல்ல.

ஆங்கிலப் பக்கத்தில் இதைத் தரநிலையின் எண்ணோடும் சதவீதத்தோடும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட முடிந்தது. அந்த வாசகர்கள் அந்த எண்ணைத்தான் தேடுவார்கள். தமிழ்ப் பக்கத்தில் அதே வலுவைக் கொண்டுவர நான்கு வாக்கியங்கள் ஆயின: "இந்தச் சுத்தியல் கான்கிரீட்டின் மேல்தோலைத்தான் தட்டிப் பார்க்கிறது. கருவி 20 என்று வலிமை காட்டினால், உண்மையில் அது 15 முதல் 25 வரை எதுவாகவும் இருக்கலாம். பழைய வீடுகளில் மேல்தோல் இறுகியிருப்பதால் கருவி கூட்டியே காட்டும். ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து வீடு நன்றாக இருக்கிறது என்று நான் எழுதித் தர மாட்டேன்." சதவீதத்தை விட்டுவிட்டு எண்களால் சொன்னதில் கூற்று மாறவில்லை. கடைசி வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. அங்கே அதற்குத் தேவை இல்லை. தமிழ் வாசகர் எழுத்தில் சான்று கேட்கக்கூடியவர் என்பது தெரிந்திருப்பதால், இங்கே மறுப்பை வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. இரண்டு பக்கங்களையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் அவை வேறு. கூற்றுக்குக் கூற்று ஒப்பிட்டால் அவை ஒன்றே.

இரண்டாவது கூற்றில் நான் எதிர்பாராத ஓர் இடறல் இருந்தது. கடலோர ஊரில் உப்புக் காற்றுதான் கம்பிக்கு எதிரி. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு தொடங்கிவிடும். துரு பருத்து வெளித்தள்ளுவதால்தான் காரை பெயர்கிறது. கம்பியில் துரு நடந்துகொண்டிருக்கிறதா என்பதை அறிய ஹாஃப் செல் என்ற மின்னழுத்தச் சோதனை செய்வார்கள். கான்கிரீட்டை ஓரிடத்தில் சிறிதளவு உடைத்துக் கம்பியில் ஒரு மின்கம்பியை இணைத்து, காப்பர் சல்பேட் மின்முனையை மேற்பரப்பில் நகர்த்தி நகர்த்தி அளப்பது இதன் முறை. அளவு கழித்தல் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே இறங்கினால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு என்பது ஏஎஸ்டிஎம் சி876 என்ற அமெரிக்கத் தரநிலையில் உள்ள விளக்கம். கம்பி எவ்வளவு கரைந்துவிட்டது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

தமிழில் "துரு இருக்க 90 சதவீதம் வாய்ப்பு" என்று எழுதி, ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கம்பியில் 90 சதவீதம் துருப்பிடித்துவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். 'வாய்ப்பு' என்ற சொல்லை நாம் வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு என்று கிடைக்கக்கூடிய நன்மைக்கே நாள்தோறும் பயன்படுத்துகிறோம். துருவுக்குப் பக்கத்தில் அது வந்ததும் பொருள் ஒட்டாமல், கண் நேராக 90 என்ற எண்ணுக்குத் தாவிவிடுகிறது. "கருவி இந்த அளவைக் காட்டும் பத்து இடங்களைத் திறந்து பார்த்தால், ஒன்பதுக்குக் குறையாத இடங்களில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும், கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்று மாற்றினேன். மில்லிவோல்ட் கணக்கையும் தமிழ்ப் பக்கத்திலிருந்து நீக்கவில்லை. எளிமை என்ற பெயரில் எண்ணை எடுத்துவிடுவது தமிழ் வாசகரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். வீட்டுக்கு வேறொரு பொறியாளர் வந்து வேறு அளவு சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் அவர் கையில் இருக்க வேண்டும்.

சொல்தேர்விலும் இரண்டு பக்கங்களும் வேறு வழிகளில் போயின. கான்கிரீட்டுக்குக் கற்காரை என்றும், துரு அரிப்புக்கு அரிமானம் என்றும் நல்ல கலைச்சொற்கள் உள்ளன. பாடநூலில் அவற்றுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் கூரை பெயர்ந்து விழுந்த வீட்டுக்காரர் அவற்றைத் தட்டச்சு செய்து தேடமாட்டார். அவர் சொல்லும் சொற்கள் காரை, பூச்சு, கம்பி, ஓதம், ஒழுகல், விரிசல், மொட்டை மாடி என்பவை; கான்கிரீட்டும் சென்ட்ரிங்கும் அவர் நாவில் தமிழ்ச் சொற்களாகவே புழங்குகின்றன. ஆகவே தமிழ்ப் பக்கத்தின் உட்தலைப்புகளை அறிகுறிகளால் அமைத்தேன்: "கூரையில் காரை பெயர்கிறது", "சுவரில் ஓதம் ஏறுகிறது", "தூணில் நெடுக விரிசல் ஓடுகிறது". ஆங்கிலப் பக்கத்தின் தலைப்புகள் சோதனைகளின் பெயர்களாலும் அறிக்கை வகைகளாலும் அமைந்தன, ஏனென்றால் கட்டடக் கலைஞர் தனக்கு என்ன சோதனை வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் வருகிறார். ஒன்று நோயிலிருந்து மருத்துவரை நோக்கி நடக்கிறது, மற்றொன்று மருந்துச்சீட்டோடு வருகிறது.

பதவிப் பெயரில் சற்றுக் கூடுதலாக யோசிக்க வேண்டியிருந்தது. நம் ஊர்களில் வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரரையும் 'இன்ஜினியர்' என்றே அழைக்கிறார்கள். இவரோ கட்டடம் கட்டுவதுமில்லை, பழுது பார்ப்பதுமில்லை, ரசாயனப் பூச்சு விற்பதுமில்லை. சோதித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார். ஆங்கிலத்தில் கன்சல்டன்ட் என்ற ஒரு சொல் இதைச் சொல்லிவிடுகிறது. தமிழில் 'ஆலோசகர்' என்று போட்டால் வேறொரு சிக்கல் வருகிறது: கடைப் பலகைகளில் 'இலவச ஆலோசனை' என்று படித்துப் படித்து, ஆலோசனைக்குக் காசு கிடையாது என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. 'அரசு அங்கீகாரம் பெற்ற' என்று போடுவதும் பொருந்தாது, ஏனென்றால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் கீழ் பொறியாளர்கள் பதிவு செய்துகொள்கிறார்கள். பதிவு என்பது தகுதியைக் காட்டுவது, அரசின் பரிந்துரையைக் காட்டுவதல்ல. கடைசியில் பதவிப் பெயரை நம்பாமல் ஒரு முழு வாக்கியத்தையே எழுதினோம்: "பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர். பழைய கட்டடங்களைச் சோதித்துக் காரணத்தையும் தீர்வையும் எழுத்தில் தருகிறேன். பழுதுபார்க்கும் வேலையை நான் எடுப்பதில்லை. பொருள் எதுவும் விற்பதில்லை. நேரில் வந்து பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு." கட்டணத் தொகையையும் அதன் அருகிலேயே இரு பக்கங்களிலும் இட்டோம்.

மேலே உள்ள வாக்கியங்களில் 'நான்' என்றும், பழைய வாக்கியத்தில் 'தருகிறோம்' என்றும் இருப்பதைக் கவனித்திருக்கலாம். தனியொருவராகத் தொழில் செய்கிறவர்கள் இரு மொழிகளிலும் பன்மையில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தில் அது நிறுவனத் தோரணையாகப் படிக்கப்படுகிறது, பெரிய பாதிப்பில்லை. தமிழில் 'சோதனை மேற்கொள்ளப்படும்', 'அறிக்கை வழங்கப்படும்' என்ற அலுவலகச் செயப்பாட்டு வினையும் சேர்ந்துகொண்டால், வீட்டுக்குள் வரப்போவது யார் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது சிறிய விஷயமல்ல. "நானே நேரில் வருவேன்; கருவிகளைத் தூக்க ஓர் உதவியாளர் உடன் வருவார்" என்று எழுதியதால், தமிழ்ப் பக்கத்துக்கு எந்த அடைமொழியும் தராத நம்பகம் கிடைத்தது என்பது என் கருத்து.

சில தொழில்களில் கூற்றுப் பட்டியலைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி தடுக்கிறது. 2008-இல் செய்த திருத்தம், பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்பன போன்ற குறிப்பிட்ட தகவல்களை மட்டும் இணையதளத்தில் வெளியிட இடம் தருகிறது. ஆங்கிலப் பக்கத்தில் இந்த எல்லைக்குள் கவனமாக நிற்கிறவர், தமிழ்ப் பக்கத்தில் பழக்கதோஷத்தால் 'வெற்றி பெற்றுத் தரும்' என்று ஒரு தொடரைச் சேர்த்துவிட்டாலும் விதிமீறல் விதிமீறல்தான்.

இனி, எழுதிய இரண்டு பக்கங்களும் உரிய வாசகர்களிடம் போய்ச் சேரும் வழியைப் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்தில் மேலே தமிழும் கீழே ஆங்கிலமும் வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள். இதைத் தவிர்க்குமாறு கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஒரு பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது. இரண்டும் கலந்திருந்தால் தீர்மானிப்பது கடினமாகிறது. எனவே ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தின் இரு மொழி வடிவங்கள் என்பதைத் தேடுபொறிக்குச் சொல்ல, இரண்டு பக்கங்களின் தலைப்பகுதியிலும் இந்த வரிகள் இருக்க வேண்டும்:

```html
<link rel="alternate" hreflang="ta" href="https://example.com/ta/" />
<link rel="alternate" hreflang="en" href="https://example.com/en/" />
<link rel="alternate" hreflang="x-default" href="https://example.com/en/" />
```

தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டி, ஆங்கிலப் பக்கம் திரும்பிச் சுட்டாவிட்டால் இந்தக் குறிப்பு புறக்கணிக்கப்படலாம். ஒரு பக்கத்தில் மட்டும் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததென்று விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. வாசகரின் கைபேசி மொழியைப் பார்த்துத் தானாக வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டையும் நான் செய்வதில்லை. நம்மில் பெரும்பாலோரின் கைபேசி ஆங்கில அமைப்பில் இருக்கிறது. அதை வைத்து அவர்களுக்குத் தமிழ் வேண்டாம் என்று முடிவு செய்வது தவறு. அதற்கு மாறாக, மேல் மூலையில் 'தமிழ்' என்றும் 'English' என்றும் அந்தந்த எழுத்திலேயே இரண்டு பொத்தான்கள் போதும். ஓதம் பற்றிய பகுதியில் பொத்தானை அழுத்தினால் மறு மொழியில் ஓதம் பற்றிய பகுதிக்கே போக வேண்டும், முகப்புக்குப் போகக் கூடாது. அம்மா படித்த இடத்தை மகன் அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

பக்க முகவரியில் தமிழ் எழுத்துகளை வைக்கலாமா என்று பொறியாளர் கேட்டார். வைக்கலாம், ஆனால் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரிந்துவிடக்கூடும். 'வீடு' என்ற சிறிய சொல்லே 36 எழுத்து நீளமுள்ள, சதவீதக் குறிகள் நிறைந்த ஒரு சரமாகிவிடும். இணைப்புகள் கைமாறுவதே வாட்ஸ்அப்பில்தான் என்ற ஊரில் அப்படியொரு சரத்தைப் பார்க்கிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று அழுத்தாமல் விட்டுவிடுவார். முகவரியை ரோமன் எழுத்தில் குறுக்கமாக வைத்துவிட்டு, இணைப்போடு தோன்றும் முன்னோட்டத் தலைப்பைத் தமிழில் வைத்தோம். தமிழ்ப் பக்கத்தின் `og:title` என்ற குறியில் ஆங்கிலத் தலைப்பே தங்கிப்போவது பரவலான கவனக்குறைவு. தமிழ்ப் பக்கத்தை அனுப்பினால் ஆங்கில முன்னோட்டம் வரும். பெறுகிறவர் தனக்கல்ல என்று கடந்துவிடுவார்.

அவருடைய பெயரும் ஒரு சிக்கலாகவே இருந்தது. தமிழில் ஒரே வகையில் எழுதப்படும் பெயர் ஆங்கிலத்தில் அவருடைய பட்டச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பதிவுச் சான்றில் வேறு விதமாகவும், பழைய பெயர் அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. பதிவுச் சான்றில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடங்களிலும் நிலைநிறுத்தினோம், ஏனென்றால் பதிவு எண்ணைச் சரிபார்க்கிறவர் அந்த வடிவத்தைத்தான் பார்ப்பார். இரு பக்கங்களிலும் பெயர் இரு எழுத்துகளிலும் சேர்ந்தே நிற்கிறது; ஒரு மொழியைப் படித்தவர் மறு மொழியில் தேடினாலும் ஒரே ஆளை வந்தடைய இது ஒன்றுதான் வழி. அவர் கொடுத்த பழைய தமிழ் அறிமுகக் குறிப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால் அதை அப்படியே ஒட்ட முடியவில்லை. மாற்றிய பிறகும் 'ஔ' வரவேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்துகள் நின்றன. 'ா' வரவேண்டிய சில இடங்களில் 'ர' நின்றது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடினால் அகப்படாது. பக்கத்தைத் திறந்து முக்கியச் சொற்களை நாமே தட்டச்சு செய்து தேடிப் பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கங்களையும் இரண்டு பேரிடம் கொடுத்தேன். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் படிக்காத ஒருவரிடமும், ஆங்கிலப் பக்கத்தைத் தமிழ் படிக்கத் தெரியாத ஒருவரிடமும் கொடுத்து, பக்கத்தை மூடிவிட்டு நான்கு கேள்விகளைக் கேட்டேன். இவர் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வார்? என்ன செய்யமாட்டார்? எப்போது, எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்? கடைசியில் உங்கள் கையில் என்ன இருக்கும்? முதல் மூன்று விடைகளும் இருவரிடமும் பொருந்தின. நான்காவதில் ஆங்கில வாசகர் 'அறிக்கை' என்றார், தமிழ் வாசகர் 'சர்டிஃபிகேட்' என்றார். தமிழ்ப் பக்கத்தில் 'சான்றறிக்கை' என்ற ஒரு சொல் ஓர் ஓரத்தில் தப்பி நின்றிருந்தது. உறுதியை நீக்கியவன் சான்றை விட்டுவைத்திருந்தேன். அந்த இடத்தில், அறிக்கையில் எத்தனை பகுதிகள் இருக்கும், எந்தப் படங்கள் இருக்கும் என்று விவரித்து, பள்ளிகளும் தொழிற்சாலைகளும் கேட்கும் கட்டட உறுதிச் சான்று இதுவல்ல என்பதையும் சேர்த்தோம். அதே வாக்கியத்தை ஆங்கிலப் பக்கத்திலும் சேர்த்தோம், அங்கே யாரும் குழம்பவில்லை என்றாலும். ஒரு பக்கத்தில் மட்டும் மறுப்பு இருந்தால், அது இல்லாத மறு பக்கம் வாக்குறுதியாகப் படிக்கப்படலாம்.

இரு மொழிப் பக்கங்கள் ஒரே நாளில் பொருந்தியிருப்பதைவிட ஓராண்டு கழித்தும் பொருந்தியிருப்பது கடினம். பயணத் தொலைவுக்கான கட்டணத்தை அவர் உயர்த்தியபோது, ஆங்கிலப் பக்கத்தைக் கைபேசியிலேயே திருத்திவிட்டார். தமிழ்த் தட்டச்சு வசதி அப்போது கையில் இல்லாததால் தமிழ்ப் பக்கம் பழைய தொகையோடு நின்றது. மகன் ஒரு தொகையைச் சொல்ல, அம்மா ஒரு தொகையைச் சொல்ல, நடுவில் பொறியாளர் நின்ற சம்பவம் நடந்தே விட்டது. குறைந்த தொகையையே வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு கூற்றுப் பட்டியலில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: எந்தக் கூற்று எந்தத் தேதியில் மாறியது, இரு பக்கங்களிலும் மாறியதா என்பது. பக்கங்களின் அடியிலும் கடைசியாகத் திருத்திய தேதி இடம்பெறுகிறது. இரண்டு தேதிகளும் வேறுபட்டிருந்தால் நான் திறந்து பார்ப்பேன்.

தொடக்கத்தில் சொன்ன அந்த வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது இது: "உங்கள் வீட்டின் கான்கிரீட்டும் கம்பியும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதைச் சோதித்து, கண்டதையும் காண முடியாததையும் எழுதித் தருகிறேன்." அழைக்கிறவர்களின் கேள்வி இப்போது மாறியிருக்கிறது என்று பொறியாளர் சொல்கிறார். பத்து ஆண்டுகளுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்பது குறைந்து, "காண முடியாததுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன சார்?" என்று கேட்கிறார்களாம்.